வந்தானா? வந்தாளா?

நமது சங்க மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று ஆசிரியர் கேட்டபோது, சமூகப்பணி பயிலும் மாணவன் என்ற முறையில் ஏதேனும் ஒரு பொதுப்பொருள் பற்றி எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தால் வேறொன்றும் மனத்தில் நிற்கவில்லை. இரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் நடந்து வருவதே வந்து நின்றது. வீட்டாரிடம் இசைவு கேட்டேன். "எழுது அண்ணா, பெயர் மட்டும் போடாதே" என்றாள் தங்கை. ஆகவே இக்கட்டுரையில் எங்கள் வீட்டார் பெயர் ஒன்றும் இராது.

எங்கள் வீடு கொச்சியில், மட்டாஞ்சேரியில் இருக்கிறது. தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி அங்கு வந்தவர். அப்பா பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் விற்கும் மண்டியொன்றில் கணக்கெழுதுகிறார். மட்டாஞ்சேரியை அறியாத நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நடந்தே சுற்றிவரக்கூடிய அச்சிறு நிலப்பரப்பில் கொங்கணியும் குஜராத்தியும் உருதும் தமிழும் பேசுவோர் தலைமுறை தலைமுறையாக அடுத்தடுத்து வாழ்கின்றனர். தெருவில் எல்லார்க்கும் மலையாளம். வீட்டுக்குள் அவரவர் மொழி. எங்கள் அப்பாவுக்கு இதில் கண்டிப்பு அதிகம். வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் ஒரு மலையாளச் சொல் காதில் விழக்கூடாது. அந்தக் கண்டிப்புக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

எனக்குப் பின் பிறந்த குழந்தையைப் பதினைந்து ஆண்டுகள் 'தம்பி' என்றே அழைத்தேன். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில், ஓர் இரவு, அம்மா அடுக்களையில் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது அக்குழந்தை அருகே சென்று, "அம்மா, நான் ஆண் இல்லை, பெண்" என்று சொன்னது. நெடுநாள் எண்ணி, எண்ணி, பிறகு சொன்ன சொல் அது. பிறப்பில் ஆணென்று குறிக்கப்பட்டுத் தன்னைப் பெண்ணாக உணர்பவரைத் தமிழில் திருநங்கை என்கிறோம். இதனை மனநோய்ப் பட்டியலினின்றும் உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டிலேயே நீக்கிவிட்டது. இதையெல்லாம் வகுப்பில் படித்துத் தேர்வும் எழுதியிருந்த நான், அன்றிரவு அம்மா தொலைபேசியில் அழுதபோது என்ன சொன்னேன் தெரியுமா? "வயசுக் கோளாறு, சரியாகிவிடும்" என்றேன். படிப்பு வேறு, வீடு வேறு என்று அன்று கண்டுகொண்டேன்.

இங்கே நம் மொழியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். தமிழில் ஒருவரிடம் நேரே பேசுவதில் இடரில்லை. "நீ வந்தாயா, சாப்பிட்டாயா" என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆனால் அவரைப் பற்றி இன்னொருவரிடம் பேசத் தொடங்கிய உடனே வினைமுற்றின் விகுதி நம்மைப் பிடித்துக்கொள்கிறது. வந்தானா, வந்தாளா? தூங்கினானா, தூங்கினாளா? ஆன் விகுதியோ ஆள் விகுதியோ இரண்டிலொன்றைத் தேர்ந்தாக வேண்டும். அம்மாவும் அப்பாவும் ஒரு நாளில் தம் பிள்ளையைப் பற்றி எத்தனை முறை பேசிக்கொள்வார்கள்! அத்தனை முறையும் அந்த வினா எழும். மலையாளத்தில் இத்தொல்லை இல்லை. 'வந்நு' என்றால் வந்தான், வந்தாள், வந்தது எல்லாம் அடங்கும்.

அவ்வாண்டு ஓணத்திற்கு நான் ஊருக்குச் சென்றபோது வியப்பான ஒன்றைக் கண்டேன். அப்பா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றியபடியே அம்மாவிடம், "கழிச்சோ?" என்று கேட்டார். 'சாப்பிட்டானா' என்றும் கேட்க மனம் வரவில்லை. 'சாப்பிட்டாளா' என்றும் நா எழவில்லை. முப்பது ஆண்டுகளாக வீட்டுக்குள் விடாத மொழியைப் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவரே அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். சிரிப்பு வந்தது எனக்கு. அடுத்த கணம் தொண்டை அடைத்தது. அவர் மறுத்துவிடவும் இல்லை, ஏற்றுவிடவும் இல்லை. நடுவில் நிற்க ஓரிடம் தேடிக்கொண்டிருந்தார்.

அம்மாவின் நிலை வேறு. அவள் துக்கம் வாய்விட்டு வந்தது. எதற்காக அழுகிறாய் என்று பின்னொரு நாள் கேட்டேன். முதலில் சொல்லத் தெரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். திருச்செந்தூரில் முடியிறக்கி எடுத்த படம். என் தாத்தாவின் பெயரை வைத்தது. அந்தப் பெயர் இனி வீட்டில் ஒலிக்காது என்பது. இவனுக்கென்று ஒரு மருமகள் வருவாள், தன்னோடு அடுக்களையில் நிற்பாள் என்று கற்பனை செய்திருந்தது. "பிள்ளை கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் பிள்ளையைக் காணோம்" என்றாள்.

அமெரிக்க உளநூலறிஞர் பாலின் பாஸ் என்பார் 1970களில் இத்தகைய துயரை ஆராய்ந்தார். வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களைக் கண்டு தொடங்கிய ஆராய்ச்சி அது. இறந்தார் என்ற உறுதியில்லை. ஆகையால் ஈமச்சடங்கும் இல்லை, ஆறுதலும் இல்லை. மறுபுறம், மறதி நோயால் உடல் மட்டும் இருந்து மனம் விலகிப்போன முதியோரின் வீட்டாருக்கும் அதே துயர் உண்டென்று அவர் கண்டார். தெளிவற்ற இழப்பு என்று இதனை நாம் சொல்லலாம். பால் மாறி வாழத் தொடங்கும் பிள்ளையின் பெற்றோர்க்கும் இது பொருந்துமென்று பிற்கால ஆய்வாளர் எழுதினர். நம் ஊரில் ஒருவர் இறந்தால் பதினாறாம் நாள் வரை வீடு நிறைந்திருக்கும். அம்மாவின் இந்த இழப்புக்கு யார் வந்து துக்கம் கேட்பார்கள்? பக்கத்து வீட்டில் சொல்லத்தான் முடியுமா? ஆகவே அவள் அழுகையை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அது உண்மையான துக்கம்.

ஆனால் அத்துக்கத்தை யார் முன்னே இறக்கி வைப்பது என்பதில்தான் பெருந்தவறு நேர்ந்தது. ஒரு நாள் என் அத்தை ஊரிலிருந்து பேசியபோது, "என் மகன் செத்துப்போய்விட்டான் என்று நினைத்துக்கொள்கிறேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அடுத்த அறையில் தங்கை இருந்தாள். உயிரோடிருக்கும் பிள்ளையின் காதில் அச்சொல் எப்படி விழுந்திருக்கும்?

அடுத்த இரண்டு வாரம் வீடு அமைதியாக இருந்ததாம். "நல்ல பிள்ளையாகிவிட்டது, எதுவும் கேட்பதில்லை, எதற்கும் எதிர்த்துப் பேசுவதில்லை" என்று அம்மா என்னிடம் நிம்மதியோடு சொன்னாள். எனக்கு அந்த நிம்மதி பிடிபடவில்லை. வேறென்ன என்று துருவிக் கேட்டேன். இரவில் விளக்கு எரிகிறது. சோறு பாதியில் நிற்கிறது. தான் உயிராய் வைத்திருந்த வண்ணப்பெட்டியை எதிர்வீட்டுச் சிறுமிக்குக் கொடுத்துவிட்டது. இக்கடைசிச் செய்தியைக் கேட்டதும் அன்றிரவே வண்டியேறினேன். கேட்பதை நிறுத்திவிடுவதும், வைத்திருந்த பொருளைப் பிறர்க்குக் கொடுத்துவிடுவதும் நல்ல அறிகுறிகள் அல்ல. தன்னை மாய்த்துக்கொள்ள எண்ணுகிறாயா என்று நேரே கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டியதாகாதா என்று பலர் அஞ்சுவர். ஆகாது, இது பலமுறை ஆராயப்பட்ட செய்தி. படகுத்துறைப் பக்கம் நடத்திச் சென்று கேட்டேன். நெடுநேரம் கழித்து, "ஆமாம்" என்றாள். "நான் இல்லாவிட்டால் அம்மா ஒருமுறை அழுவார்கள், பிறகு அழமாட்டார்கள்" என்றாள். பெற்றவர்களுக்கு ஆறுதல் தேட அக்குழந்தை கண்ட வழி அது.

அன்றே வீட்டில் சொன்னேன். மறுநாள் எல்லோரும் எறணாகுளம் சென்று மனநல மருத்துவர் ஒருவரைக் கண்டோம். (அவ்வளவு தொலைவு செல்ல இயலாதவர்க்கு, இரவிலும் பகலிலும் 14416 என்ற டெலி மானஸ் எண் உண்டு, தமிழிலும் பேசலாம்.) அவர் முதலில் தங்கையோடு தனியே பேசினார். பிறகு பெற்றோரைத் தனியே அழைத்தார். அம்மாவிடம் அழாதே என்று அவர் சொல்லவில்லை. "அழுங்கள், ஆனால் அதற்கென்று ஓர் ஆளும் நேரமும் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் முன் வேண்டாம். உங்கள் துக்கத்திற்கு அவள் காவலிருக்கலாகாது" என்றாராம். அந்த ஆளாக நான் ஆனேன். ஞாயிறு மாலை தொலைபேசியில் ஒரு மணி நேரம் அம்மா என்னிடம் எதையும் சொல்லலாம், எப்படியும் சொல்லலாம். இன்றும் அது நடக்கிறது.

துக்கம் முழுவதும் தீர்ந்தபிறகு பிள்ளைக்குத் துணை நிற்கலாம் என்று காத்திருந்தால் என்னவாகும்? கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் எடுத்த ஒரு கணக்கெடுப்பு 2012இல் வெளியாயிற்று. 16 முதல் 24 வயது வரையுள்ள 84 பேரிடம் கேட்டனர். தம் பால் உணர்வுக்குப் பெற்றோர் உறுதியாகத் துணை நிற்கின்றனர் என்றோரில், முந்தைய ஓராண்டில் தற்கொலைக்கு முயன்றவர் நூற்றுக்கு 4. மற்றையோரில் நூற்றுக்கு 57. எண்ணிக்கை சிறிது, ஒரே காலத்தில் கேட்டது, ஆகவே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று அறுதியிட முடியாது. ஆயினும் இதில் என்னை நிறுத்திய செய்தி வேறு. 'ஓரளவு துணை' என்று சொன்னோரும் அந்த 57 பக்கத்திலேயே சேர்க்கப்பட்டிருந்தனர். அரைத்துணை காக்கும் என்று நம்ப அக்கணக்கில் இடமில்லை. மேலும், பெற்றோர் உள்ளத்தில் துயர் உண்டா என்று அவ்வாய்வாளர் பிள்ளைகளைக் கேட்கவில்லை. துணை நிற்கின்றனரா என்றே கேட்டனர். துயரோடு துணை நிற்பவரும் துணை நிற்பவரே.

துணை என்பது நாள்தோறும் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் மூன்று நகரங்களில் 15 முதல் 21 வயதுள்ள 129 பேரிடம் நடத்திய ஆய்வு 2018இல் வந்தது. வீடு, பள்ளி, வேலையிடம், நண்பர் கூட்டம் என்ற நான்கிடங்களில் எத்தனை இடத்தில் அவர்கள் தாம் விரும்பிய பெயரால் அழைக்கப்படுகின்றனர் என்று பார்த்தனர். ஓரிடம் கூடினாலும் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் குறைந்தே காணப்பட்டன. பெயர்! செலவில்லாத மருந்து, விரும்பினால் திரும்பப் பெறவும் கூடியது. ஆனால் எங்கள் அப்பாவுக்கு அது தம் தந்தையின் பெயர். அவர் கேட்டது ஒன்றே: "என் அப்பா பெயரை அவளே வெறுத்துவிட்டாளா?" தங்கை சொன்னாள்: "வெறுக்கவில்லை அப்பா. அது தாத்தாவுடையது. எனக்குப் பொருந்தவில்லை." அந்த உரையாடலில் அப்பா 'வெறுத்துவிட்டாளா' என்று சொன்னதை அவரே கவனிக்கவில்லை. நாங்கள் கவனித்தோம், யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

இனி அச்சத்திற்கு வருகிறேன். அப்பாவின் நெஞ்சில் துக்கத்தைவிட அச்சமே பெரிது. அதை வெறும் கற்பனை என்று தள்ள முடியாது. திருநர்க்கென ஒரு கொள்கையை நாட்டிலேயே முதன்முதலாக 2015இல் வகுத்த மாநிலம் கேரளம். 2017இல் கொச்சி மெட்ரோ திருநரைப் பணிக்கு எடுத்தது. நாடே பாராட்டிற்று. ஆனால் அவர்களுள் சிலர் வாடகைக்கு வீடு கிடைக்காமல் சில வாரங்களிலேயே வேலையை விட்டனர். "அரசாங்கம் வேலை கொடுத்தாலும் வீட்டுக்காரன் அறை கொடுக்கமாட்டான்" என்று அப்பா சொன்னபோது என்னிடம் மறுமொழி இல்லை.

அச்சம் ஒரே மூட்டையாக இருந்தால் தூக்க முடியாது என்று அந்த மருத்துவர் ஒரு வழி சொன்னார். அச்சங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, இன்றைக்குரியது எது, ஓராண்டுக்குள் வருவது எது, பத்தாண்டு கழித்து வருவது எது என்று பிரிக்கச் சொன்னார். கணக்கெழுதும் அப்பாவுக்கு இது பிடித்துப்போயிற்று. கோடு போட்டு எழுதினார். அறுவை என்பதே அவர் தூக்கத்தைக் கெடுத்த முதல் அச்சம். பதினெட்டு வயதுக்கு முன் அதைப் பற்றி முடிவு செய்ய ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அது கடைசிப் பத்திக்குப் போயிற்று. பருவ வளர்ச்சியைத் தள்ளிவைக்கும் மருந்துகளைப் பற்றி மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. 2022இல் வெளியான பன்னாட்டு நெறிமுறை தக்கவர்க்குத் தரலாம் என்கிறது. இங்கிலாந்தில் 2024இல் வழக்கமாகத் தருவதை நிறுத்தினர். எங்கள் வீட்டில் அந்த வினா எழுமுன்பே தங்கைக்குப் பருவ வளர்ச்சி பெரும்பாலும் முடிந்திருந்தது. ஆகவே இன்றைக்குரியது என்ற பத்தியில் எஞ்சியவை மூன்றே: பள்ளிப் பேருந்து, பள்ளிக் கழிப்பறை, அத்தை. மூன்றும் ஏதேனும் செய்யக்கூடியவை. பேருந்தைவிட்டு ஒரு தோழியோடு நடந்து போகத் தொடங்கினாள். தலைமையாசிரியையை அப்பாவே போய்ப் பார்த்து, ஆசிரியைகளின் கழிப்பறைக்கு இசைவு பெற்றார். அத்தையின் தொலைபேசியை ஆறு மாதம் அம்மா எடுக்கவில்லை.

அச்சம் தவறான வாசலுக்கும் அழைத்துச் செல்லும். பிள்ளையை 'மாற்றித் தருவதாக' ஒருவர் சொன்னதாக ஓர் உறவினர் வந்தார். அப்பா தனியே போய் விசாரித்துவிட்டு வந்தார். கட்டணத்தைச் சொன்ன அம்மனிதர், எந்த மருந்து, என்ன முறை என்று மட்டும் சொல்லவில்லையாம். அத்தகைய சிகிச்சையைச் சென்னை உயர்நீதி மன்றம் 2021இல் தடை செய்யச் சொன்னது; 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதனை மருத்துவரின் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அந்தச் சென்னை வழக்கு திருநங்கையரைப் பற்றியதன்று. ஒருவரையொருவர் விரும்பிய இரு பெண்களைப் பற்றியது. ஆனால் பெற்றோரை அந்நீதிமன்றம் நடத்திய முறையை நான் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பெற்றோரையும் உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார். ஊரார் ஏச்சுக்கே அவர்கள் மிகவும் அஞ்சினர் என்ற குறிப்பு வந்தது. அவர் அவர்களைப் பழிக்கவில்லை, காலம் கொடுத்தார். தமக்கே இப்பொருள் விளங்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லித் தாமும் ஆலோசகரிடம் சென்று கற்றுக்கொண்டார். "ஜட்ஜே போனாரா?" என்று அப்பா இருமுறை கேட்டார். அடுத்த முறை மருத்துவரிடம் போவதற்கு அவரை யாரும் அழைக்க வேண்டியிருக்கவில்லை.

அம்மாவின் அச்சம் பத்தாண்டுப் பத்தியைச் சேர்ந்தது. "நாங்கள் போனபிறகு இவளுக்கு யார்?" அதற்குத் தூத்துக்குடியிலிருந்து ஒரு செய்தி கிடைத்தது. ஸ்ரீஜா என்ற திருநங்கைக்கும் அருண்குமார் என்பவருக்கும் கோயிலில் நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தனர். 2019 ஏப்ரலில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்துப் பதிவு செய்ய ஆணையிட்டார். அந்தப் பெண்ணையும் அவருடைய தாய் வள்ளியையும் பற்றி 'அம்மாஸ் பிரைட்' என்ற ஆவணப்படம் உண்டு. அம்மா தீர்ப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்த அம்மா தனியாகவா நின்றாள்?" என்று மட்டும் கேட்டாள்.

ஏற்பு எந்த நாளில் வந்தது என்று என்னைக் கேட்டால் சொல்ல இயலாது. அம்மா என்னை எப்போதும் பெயர் சொல்லியே அழைப்பாள். இளையதை மட்டும் "ராசா" என்பாள். அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாதென்று ஆனபின் ஏழெட்டு மாதம் எந்தச் செல்லப்பெயரும் இல்லாமல் "ஏ, இங்கே வா" என்றே ஓட்டினாள். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் தங்கைக்குக் கடுங்காய்ச்சல். இரவு முழுவதும் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்த அம்மா, விடியற்காலையில் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு, "எழுந்திரு ராசாத்தி, ஒரு வாய் குடி" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பி நின்று அழுதாளாம். இதைச் சொன்னவள் தங்கை. "மகிழ்ச்சியாக அழுதார்களா, வருத்தமாகவா?" என்று கேட்டேன். "இரண்டும்தான் அண்ணா. நான் கஞ்சியைக் குடித்துவிட்டேன்" என்றாள்.

திருச்செந்தூர்ப் படம் கூடத்துச் சுவரில் இல்லை. அதை எறியவா என்று அம்மா கேட்டபோது, வேண்டாம், பீரோவில் இருக்கட்டும் என்று தங்கைதான் சொன்னாள். ஞாயிற்றுக் கிழமைகளில் அம்மா அதை எடுத்துப் பார்த்துவிட்டு எனக்குத் தொலைபேசி செய்கிறாள் என்று நினைக்கிறேன். அப்பா பெரும்பாலும் 'வந்தாளா' என்றே கேட்கிறார். மண்டியில் சரக்கு வந்து அலுத்துப்போய் வீடு திரும்பும் நாட்களில் மட்டும் மறுபடி "வந்நோ?" என்று மலையாளத்திற்குப் போய்விடுகிறார். உள்ளேயிருந்து தங்கை, "வந்துவிட்டாள் அப்பா" என்று தமிழில் பதில் சொல்கிறாள்.